மும்பை டாக்டரின் கடிதம் ஜெர்மன் மருத்துவருக்குப் புரிய: சுருக்கெழுத்தையும் பழைய நோய் விவரத்தையும் பெயர்ப்பது எப்படி

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கடிதங்களோடு என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இங்கிலீஷ்லதானே இருக்கு? ஜெர்மன் டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியாதா?" தெரியும். ஆனால் நம் ஊர் குடும்ப டாக்டர் எழுதுவது வெறும் இங்கிலீஷ் அல்ல. பாதி சுருக்கெழுத்து, மீதி இந்திய மருந்துப் பெயர்கள். ம்யூனிக்கில் இருக்கும் வாத நோய் நிபுணர் சில சுருக்கெழுத்துகளைப் புரிந்துகொள்ள மாட்டார். சிலவற்றை வேறு பொருளில் புரிந்துகொள்வார், ஆபத்து அதில்தான்.

ஒரே ஒரு கடிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை போவோம். இது நானே இட்டுக்கட்டிய மாதிரி, ஆனால் ஒவ்வொரு வரியும் மும்பை கிளினிக்குகளில் அன்றாடம் எழுதப்படுவதுதான். செம்பூரில் இருக்கும் ஒரு மாமி, வயது 58, ஆறு வருடமாக முடக்குவாதம். ம்யூனிக்கில் இருக்கும் மகளிடம் போகிறார். அங்கே நிபுணரைப் பார்க்க குடும்ப டாக்டர் கொடுத்த கடிதம்:

```
58/F. K/C/O RA x 6 yrs. RF +ve, anti-CCP +ve
C/O pain B/L wrists, EMS 1 hr
H/O Koch's 1998, AKT x 6/12. H/O rash c sulfa
CXR: fibrosis Rt UZ, ? old Koch's. R/O active
HBsAg -ve. ESR 48, CRP 22. Plt 2.4 lakh. Eyes (OD/OS) NAD
Rx  Folitrax 15   1/wk Sun
    Folvite 5     1/wk Mon
    HCQS 200      OD
    Wysolone 5    SOS
Ref: Rheumatologist. ? for biologic
```

உங்களுக்கு ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கீழே சொல்லும் வேலையில் முக்கால் பங்கு இங்கிலீஷிலேயே முடிந்துவிடும். விரித்து எழுதிய அந்த இங்கிலீஷ் படிவத்தை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் போதும்.

முதலில் அப்படியே நகல் எடுங்கள்

கடிதத்தை வரி வரியாக, எண் போட்டு, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் டைப் செய்யுங்கள். விரித்து எழுதும் ஆசை வரும், இப்போது வேண்டாம். படிக்க முடியாத சொல்லுக்கு நேராக "படிக்க முடியவில்லை" என்று குறித்து வையுங்கள். ஊகித்து நிரப்பினால், பிறகு எது டாக்டர் எழுதியது, எது நீங்கள் ஊகித்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

கையெழுத்துக் கடிதம் என்றால் மருந்துப் பெயர் ஒவ்வொன்றையும் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையோடு ஒப்பிடுங்கள். மேலே உள்ள கடிதத்தில் ஃபோலிட்ராக்ஸ், ஃபோல்வைட் என இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது மெத்தோட்ரெக்சேட், நோயெதிர்ப்பை அடக்கும் பலமான மருந்து. இரண்டாவது ஃபோலிக் அமிலம், அதாவது ஒரு வைட்டமின். அவசரக் கையெழுத்தில் இரண்டும் "ஃபோல்" என்று தொடங்கி ஒரு கோடாக இழுபட்டுப் போயிருக்கும். அட்டையைப் பார்க்காமல் இந்த இரண்டு வரிகளை யாரும் பெயர்க்கக் கூடாது.

அட்டைகளைப் பார்க்கும்போதே பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வழக்கப்படி முன்னெழுத்தும் பெயரும் மட்டும் எழுதியிருப்பார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுதாக விரிந்து, குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஜெர்மன் மருத்துவமனை நோயாளியைப் பெயரும் பிறந்த தேதியும் வைத்துத்தான் அடையாளம் காணும். "58/F" அங்கே போதாது. மேலே பாஸ்போர்ட் பெயரையும் முழுப் பிறந்த தேதியையும் போட்டு, கடிதத்தில் இருந்த பெயர் வடிவத்தை அடியில் குறிப்பிடுங்கள்.

சுருக்கெழுத்துகளைப் பிரித்துப் பாருங்கள்

எல்லாச் சுருக்கமும் ஒரே மாதிரி ஆபத்தானது அல்ல. RF, anti-CCP, HBsAg போன்றவை பரிசோதனைப் பெயர்கள், ஜெர்மனியிலும் அதே எழுத்துகள்தான். அவற்றை அப்படியே விடலாம். ஆனால் அவற்றின் பக்கத்தில் வரும் +ve, -ve இரண்டையும் விட வேண்டாம். -ve என்பதில் உள்ள சின்னக் கோடு, ஸ்கேன் செய்த தாளில் வெறும் இணைப்புக்குறி போலத் தெரியும், அல்லது காணாமலே போகும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று முழுச் சொல்லாக எழுதுங்கள்.

அடுத்தது நம் ஊர் வழக்கம். K/C/O என்றால் இந்த நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்தது. C/O என்றால் நோயாளி சொல்லும் தொந்தரவு. H/O என்றால் முன்பு இருந்தது. B/L என்றால் இரண்டு பக்கமும். NAD என்றால் பார்த்ததில் கோளாறு எதுவும் தெரியவில்லை. CXR என்றால் மார்பு எக்ஸ்ரே, Rt UZ என்றால் வலது நுரையீரலின் மேல்பகுதி, fibrosis என்றால் தழும்பு. தனியாக நிற்கும் c என்றால் "உடன்". இந்திய மருத்துவ மாணவர் முதல் வருடங்களிலேயே பழகிவிடும் இவற்றில் பல ஜெர்மனியில் கிடையாது. இவற்றை விரிப்பது சுலபம், பெரும்பாலும் சந்தேகம் வராது.

மூன்றாவது வகை இரண்டு பொருள் தருபவை. இந்தக் கடிதத்தில் அப்படி நான்கு இருக்கின்றன.

OD: மருந்து வரியில் "தினமும் ஒரு முறை". கண் வரியில் "வலது கண்", OS என்பது இடது கண். ஒரே கடிதத்தில் இரண்டு பொருளும் வந்திருப்பதைக் கவனியுங்கள். இது தற்செயல் அல்ல. ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்ட நாள் எடுத்தால் விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பதால் முடக்குவாதக் கடிதங்களில் கண் பரிசோதனை வருவது வழக்கம்.

EMS: இங்கே காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம் என்பது. வேறு சூழலில் இது ஆம்புலன்ஸ் சேவை.

6/12: பன்னிரண்டில் ஆறு, அதாவது ஆறு மாதம். 2/52 என்றால் இரண்டு வாரம், 3/7 என்றால் மூன்று நாள். பிரிட்டிஷ் மருத்துவமனைகளிலிருந்து நமக்கு வந்த வழக்கம். ஜெர்மன்காரர் இதைத் தேதியாக, டிசம்பர் 6 என்று படிக்கலாம்.

R/O: இதற்குத் தனியாக வருகிறேன்.

டாக்டரிடம் ஒரே தாளில் கேளுங்கள்

விரித்து எழுதும் அதிகாரம் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை, கடிதம் எழுதிய டாக்டருக்குத்தான். கிளினிக் நேரத்தில் அவரிடம் நீண்ட பேச்சு நடக்காது. வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கேள்விகளை ஒரு தாளில், அதிகபட்சம் ஏழெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் எழுதும்படி தயார் செய்து கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். "டாக்டர், இதை விளக்கமா சொல்லுங்க" என்று கேட்டால் பதில் வராது. "ஆறு மாதமும் முழுசா எடுத்தாங்களா, இல்லையா?" என்று கேட்டால் வரும்.

நம் கடிதத்துக்கான கேள்விகள் இவை. கடிதத்தில் Koch's என்று இருப்பது காசநோய்:

- 1998இல் காசநோய் எந்த உறுப்பில்? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை மருந்து? என்னென்ன மருந்து? முழுவதும் முடித்தாரா? அதற்குத் தாள் இருக்கிறதா, நோயாளி சொன்னதா?
- எக்ஸ்ரே வரியில் R/O active என்பது "இனிமேல் பார்க்க வேண்டும்" என்றா, "பார்த்தாகிவிட்டது, இல்லை" என்றா?
- சல்ஃபாவால் தடிப்பு என்றால் எந்த மருந்துக்குப் பிறகு?
- வைசோலோன் தேவைப்படும்போது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்துக்குச் சுமாராக எத்தனை மாத்திரை?
- HCQS காலையிலா, இரவிலா?
- CRP 22 என்பதன் அளவலகு என்ன?

பதில் வந்த தாளில் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர்ப்பில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் அதுதான் ஆதாரம்.

பழைய நோய் வரி: இங்கே நிதானம் வேண்டும்

கடிதத்தின் மூன்றாவது வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் படியுங்கள். கடைசி வரியில் டாக்டர், பயாலஜிக் எனப்படும், நோயெதிர்ப்பை அடக்கும் ஊசி மருந்து வகையைத் தரலாமா என்று நிபுணரைக் கேட்கிறார். மூன்றாவது வரியில் பழைய காசநோய் இருக்கிறது. பயாலஜிக்குகளில் பரவலாகத் தரப்படுபவை, உடலில் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள். அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற இவை, உடலில் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை மறுபடி எழுப்பிவிடக்கூடும். அதனால் ஊசி தொடங்குமுன் நிபுணர் பழைய வரலாறு, மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை மூன்றையும் பார்த்தே முடிவெடுப்பார். ஒருமுறை காசநோய் வந்தவருக்கு, முழு சிகிச்சை எடுத்திருந்தாலும், அந்த ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாகவே நீடிக்கலாம். அப்போது அவருக்குக் கையில் இருப்பது எக்ஸ்ரேயும் பழைய வரலாறும் மட்டுமே. அந்த வரலாறு முழுக்க உங்கள் பெயர்ப்பில் இருக்கும் ஒன்றரை வரிதான்.

"கோக்ஸ்" என்பது மும்பையில் காசநோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் மறைசொல் மாதிரி. நோயாளியின் முன்னால் நோயின் பெயரைச் சொல்லாமல் தவிர்க்க உதவும் சொல். 1882இல் பெர்லினில் அந்தக் கிருமியை அறிவித்த ராபர்ட் கோக்கின் பெயர்தான் அது. அதனால் ஜெர்மன்காரருக்குப் புரியும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இன்றைய ஜெர்மன் மருத்துவக் கடிதங்களில் அப்படி எழுதுவதில்லை. AKT என்பதும் அந்தக் கோக்கிலிருந்து வந்ததே: கோக்ஸ் நோய்க்கு எதிரான சிகிச்சை. இரண்டையுமே நேராகக் காசநோய் என்றும் காசநோய்ச் சிகிச்சை என்றும் எழுத வேண்டும்.

மாமியின் டாக்டர் இப்படிப் பதில் தந்தார் என்று வைத்துக்கொள்வோம்: நுரையீரல். 1998 செப்டம்பர் முதல் 1999 மார்ச் வரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. முடித்ததாக நோயாளி சொல்கிறார், தாள் இல்லை.

கடைசி வாக்கியம்தான் இங்கே முக்கியம். "சிகிச்சை முடிந்தது" என்று பெயர்த்தால், இல்லாத உறுதியை நீங்கள் உண்டாக்குகிறீர்கள். "முடித்ததாக நோயாளி சொல்கிறார், ஆவணம் இல்லை" என்றே எழுதுங்கள். அரைகுறையாக மருந்து எடுத்தவருக்கு நிபுணர் முதலில் காசநோய் மீண்டும் வராமல் காக்கும் மருந்து கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ஊசியைத் தொடங்க நினைக்கலாம். அந்தத் தீர்மானத்தை எடுக்க அவருக்கு இடம் விட வேண்டும். குடும்பத்தார் சில சமயம், "காசநோயை எழுதாம விட்டுடலாமே, அங்கே தப்பா நினைப்பாங்க" என்பார்கள். இதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. எக்ஸ்ரேயில் இருக்கும் தழும்பை மறைக்க முடியாது. காரணம் தெரியாத தழும்பைப் பார்த்தால் அவர்கள் முதலிலிருந்து தோண்டுவார்கள்.

அடுத்து R/O. இது இன்னும் ஆராய்ந்து விலக்க வேண்டியது என்று பொருள்படும். ஏற்கெனவே விலக்கப்பட்டது என்று அவசரத்தில் பெயர்த்தால் பொருள் தலைகீழாகிறது: "காசநோய் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள்" என்பது "செயலில் இல்லை" என்றாகிவிடும். பயாலஜிக் கேட்டுப் போகும் கடிதத்தில் இதைவிட மோசமான தவறு இருக்க முடியாது. சில டாக்டர்கள் இதே இரண்டு எழுத்தை விலக்கியாகிவிட்டது என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். அதனால்தான் இதைக் கேள்வித் தாளில் சேர்த்தோம். அதே வரியில் முன்னால் நிற்கும் ஒற்றைக் கேள்விக்குறியும் சொல்தான்: சந்தேகம் என்று பொருள். அதை விட்டுவிட்டால் சந்தேகம் முடிவாகிவிடும்.

சல்ஃபா வரியில் வேறு வகைக் குழி. அகராதியை நம்பிக் கந்தக ஒவ்வாமை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கந்தகம் வேறு, சல்ஃபா மருந்துகள் வேறு. டாக்டர் சொன்னது சல்ஃபோனமைடு வகை மருந்து. மாமிக்குத் தடிப்பு வந்தது செப்ட்ரான், அதாவது கோட்ரைமாக்சசோல், எடுத்த பிறகு என்று பதில் வந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் சல்ஃபாசலசீன் என்ற மருந்து, சல்ஃபோனமைடு ஒவ்வாதவருக்குக் கொடுக்கக் கூடாதது. நிபுணர் இந்த வரியைத் தேடித்தான் படிப்பார்.

மருந்துப் பட்டியல்

இந்திய வணிகப் பெயர்களில் பல அங்கே கடையில் கிடையாது, கணினியில் தேடினாலும் வராது. எல்லாவற்றையும் மூலப்பெயரில் எழுதி, வணிகப் பெயரைப் பக்கத்தில் வையுங்கள். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட், HCQS என்பது ஹைட்ராக்சிகுளோரோகுயின், வைசோலோன் என்பது பிரெட்னிசோலோன். மூலப்பெயரும் மில்லிகிராமும் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும், அங்கிருந்து எடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறைதான். தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். இந்தத் தவறு உலகெங்கும் திரும்பத் திரும்ப நடந்ததால் 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை, வாராந்திர மருந்து என்பதைப் பெட்டியிலேயே நினைவூட்டச் சொன்னது. நீங்களும் "வாரத்தில் ஒரே நாள்" என்பதைப் பெரிய எழுத்தில், கிழமையோடு எழுதுங்கள். 1/wk என்ற சுருக்கம் பெயர்ப்பில் எங்கும் இருக்கக் கூடாது. மெத்தோட்ரெக்சேட்டை MTX என்று சுருக்கவும் வேண்டாம், வேறு மருந்தோடு குழம்பிய வரலாறு அதற்கு உண்டு.

SOS என்பது லத்தீனிலிருந்து வந்த "தேவைப்பட்டால்". அங்கே வாசிப்பவருக்கு அது உதவி கேட்கும் அபாயக் குரல். அதைவிட முக்கியம், ஸ்டீராய்டு மாத்திரையைத் தேவைப்படும்போது என்று மட்டும் எழுதினால் நிபுணர் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மாதம் நான்கா, நாற்பதா என்பதைக் கேட்டு எழுதுங்கள்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நம் சீட்டுகளில் வரும் 1-0-1 முறை ஜெர்மனியிலும் இருக்கிறது. ஆனால் நமக்கு மூன்று வேளை, அவர்களின் மருந்துத் திட்டத் தாளில் நான்கு கட்டங்கள்: காலை, மதியம், மாலை, படுக்கப் போகும்போது. நம் மூன்றாவது எண் மாலைக்கா படுக்கைக்கா என்று பார்த்து நான்காக மாற்றிவிட்டால் அப்படியே புரியும்.

எண்கள்

2.4 லட்சம் பிளேட்லெட் என்பது அங்கே 240.000, ஆயிரத்துக்குப் புள்ளி. பின்னத்துக்கு அங்கே காற்புள்ளி, ஆக 12.5 மில்லிகிராம் என்பது 12,5. லட்சத்தை மட்டும் எண்ணாக விரியுங்கள். மற்ற எந்த அளவையும் வேறு அலகுக்கு மாற்றாதீர்கள், ஆய்வகத் தாளில் இருக்கும் அலகையே எழுதுங்கள். CRP என்பது உடலில் இருக்கும் அழற்சியைக் காட்டும் ரத்த அளவு. CRP 22 என்பதற்கு அலகு அவசியம். லிட்டருக்கு 22 மில்லிகிராம் என்றால் மூட்டு வீக்கத்துக்குப் பொருத்தமான உயர்வு. டெசிலிட்டருக்கு 22 என்றால் பத்து மடங்கு, கடும் தொற்றைத் தேடுவார்கள். ஜெர்மன் ஆய்வகங்களில் இரண்டு அலகும் புழக்கத்தில் உள்ளன.

ஜெர்மனில் எழுதும்போது

இப்போது கையில் இருப்பது விரித்து எழுதிய, டாக்டர் ஒப்புக்கொண்ட படிவம். இதிலிருந்து பெயர்ப்பது அரை நாள் வேலை. R/O இன்னும் பார்க்க வேண்டியது, HCQS காலையில், வைசோலோன் மாதம் சுமார் நான்கு என்று பதில் வந்ததாக வைத்துக்கொண்டு, கடினமான வரிகள் மட்டும் இங்கே:

```
Z. n. Lungentuberkulose 09/1998–03/1999, Therapie 6 Monate
(nach Angaben der Patientin abgeschlossen, keine Unterlagen)
Röntgen-Thorax: Fibrose im rechten Oberfeld,
V. a. alte Tuberkulose; aktive Tbc noch auszuschließen
Exanthem nach Cotrimoxazol (Sulfonamid)
Methotrexat 15 mg: EINMAL PRO WOCHE, sonntags
Folsäure 5 mg: einmal pro Woche, montags
Hydroxychloroquin 200 mg: 1-0-0-0
Prednisolon 5 mg: bei Bedarf, ca. 4 Tabl. pro Monat
```

அவர்களுக்கும் சுருக்கங்கள் உண்டு. Z. n. என்பது நம் H/O செய்யும் வேலையைச் செய்கிறது, V. a. என்பது நம் கேள்விக்குறி. இந்த இரண்டும் எல்லா ஜெர்மன் மருத்துவருக்கும் பழக்கம் என்பதால் தாராளமாகப் பயன்படுத்தலாம். டாக்டர் கேள்வித் தாளில் சொன்னதையும் முதல் கடிதத்தில் இருந்ததையும் கலந்து எழுதினால், சேர்த்த இடங்களை அடிக்குறிப்பில் "டாக்டரின் இன்ன தேதி விளக்கப்படி" என்று காட்டுங்கள். உங்கள் சொந்தக் கருத்து எங்கும் வேண்டாம். எக்ஸ்ரே பழையதாகத் தோன்றினாலும் சரி, மருந்து அளவு குறைவாகப் பட்டாலும் சரி, அதை டாக்டரிடம் சொல்லலாம், தாளில் எழுதக் கூடாது.

சரிபார்ப்பதும் அனுப்புவதும்

இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் மாத்திரை அட்டைகளையும் ஆய்வகத் தாள்களையும் வைத்துக்கொண்டு எண்களையும் கிழமைகளையும் உரக்கப் படிக்க, மற்றவர் பெயர்ப்பில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஜெர்மன் தெரியாதவரும் இதைச் செய்யலாம், எண்ணுக்கு மொழி வேண்டியதில்லை. அப்புறம் அசல் கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு "இல்லை", கேள்விக்குறி, R/O மூன்றையும் வட்டமிட்டு, பெயர்ப்பில் அதற்கு ஈடான சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். எதிர்மறைகள்தான் கண்ணுக்குத் தப்புபவை.

நிபுணர் படிப்பதற்கு மட்டும் என்றால் பொதுவாக முத்திரை போட்ட பெயர்ப்பு தேவைப்படாது, தெளிவான பெயர்ப்பு போதும். காப்பீட்டு நிறுவனமோ அரசு அலுவலகமோ கேட்டால் ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கும். எது என்று மகளை முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் செலவு வித்தியாசம் அதிகம்.

பெயர்ப்போடு அசல் கடிதத்தின் ஸ்கேன், டாக்டர் கையெழுத்திட்ட கேள்வித் தாள், ஆய்வகத் தாள்கள் மூன்றையும் ஒரே கோப்பாகச் சேருங்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோ உதவாது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில், மருத்துவப் படங்களுக்கென்றே இருக்கும் டைகாம் கோப்பாக சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டு வருட இடைவெளியில் எடுத்த பழைய படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். தழும்பு மாறாமல் இருக்கிறதா என்பதை இரண்டு படங்களை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

பயணத்துக்கு முன் டாக்டர் மருந்தை மாற்றினாலோ புதிய எக்ஸ்ரே வந்தாலோ அந்த வரிகளைத் திருத்தி, தாளின் தலையில் புதிய தேதி போடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் பழைய கோப்பை அழித்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிளினிக் வரவேற்பறையில் மகள் அவசரத்தில் திறந்து காட்டுவது அந்தப் பழையதாகத்தான் இருக்கும்.